முட்டிக்குப் போட்ட பிரேஸ் நழுவுகிறதா? முதலில் டேப் வைத்த இடத்தைப் பாருங்கள்

சேலத்தில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். முட்டிக் கேப், நீ பிரேஸ், மணிக்கட்டுப் பட்டை எல்லாம் தினமும் கை வழியாகப் போகும். வாங்கிப் போனவர்கள் திரும்பக் கொண்டு வரும்போது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "சரியில்லைங்க, மாத்திக் கொடுங்க." எடுத்துப் பார்த்தால் தையல் நன்றாக இருக்கும், வெல்க்ரோ நன்றாகப் பிடிக்கும். அளவுதான் வேறு இடத்தில் எடுத்ததாக இருக்கும். அதனால் என்ன தொந்தரவு என்று சொன்னாலே டேப் எங்கே வைக்கப்பட்டிருக்கும் என்று பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நடந்தால் கீழே நழுவி இறங்குகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். இதற்குத்தான் எல்லோரும் தவறான வைத்தியம் செய்கிறார்கள்: மேல் பட்டியை இன்னும் இறுக்குவார்கள், அல்லது அடுத்த சின்ன சைஸ் கேட்பார்கள். இரண்டும் நழுவலை அதிகமாக்கும்.

காரணம் தொடையின் வடிவம். தொடை மேலே தடித்து முட்டியை நோக்கி ஒடுங்கி வருகிறது. ஈரமான வெள்ளை முள்ளங்கியின் தடித்த பக்கத்தில் ரப்பர் பேண்டை மாட்டினால் அது சிறுத்த பக்கம் நோக்கித்தான் வழுக்கிக்கொண்டு வரும். எவ்வளவு இறுக்கமான பேண்டோ அவ்வளவு வேகமாக வரும். முட்டிக் கேப்பின் மேல் விளிம்பும் அப்படித்தான். தொடையில் இறுக இறுக, அந்த இறுக்கமே அதைக் கீழே தள்ளும். வேர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

போன வருடம் காபி பறிக்கும் பருவத்தில், டிசம்பர் மாதம், ஏற்காட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். சரிவில் ஏறும்போது வலியில்லை, கூடையோடு இறங்கும்போதுதான் முட்டி வலிக்கிறது என்றார். டாக்டர் பிரேஸ் போடச் சொல்லியிருக்கிறார். மகன் வேறோர் இடத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, பத்துச் செடி தாண்டறதுக்குள்ள கெண்டைக்கால்ல வந்து நிக்குது. ஒவ்வொரு தடவையும் கூடைய இறக்கி வெச்சுட்டு இழுத்து விட வேண்டியிருக்கு."

பெட்டியையும் கொண்டு வந்திருந்தார். அதன் பின்பக்கம் அட்டவணை இருந்தது: ஸ்மால் 40 முதல் 45 சென்டிமீட்டர், மீடியம் 45 முதல் 50, லார்ஜ் 50 முதல் 55, எக்ஸ்ட்ரா லார்ஜ் 55 முதல் 60. மகன் முட்டியைச் சுற்றி அளந்திருக்கிறார். 39.5 வந்திருக்கிறது. 40-க்குப் பக்கம்தானே என்று ஸ்மால் வாங்கிவிட்டார். ஆனால் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு கால் படம் இருக்கிறது. அதில் அம்புக்குறி முட்டியில் இல்லை, முட்டிக்கு 15 சென்டிமீட்டர் மேலே தொடையில் இருக்கிறது. அதாவது அந்த எண்கள் தொடைச் சுற்றளவுக்கானவை. முட்டி அளவை வைத்துத் தொடை அட்டவணையில் தேடினால் எப்போதும் சின்ன சைஸ்தான் வரும்.

திரைச்சீலைக்குப் பின்னால் எங்கள் கடைப் பெண் அளவெடுத்தார். முட்டிச் சில்லின் நடுவில் 39.5, மகன் அளந்தது சரிதான். 15 சென்டிமீட்டர் மேலே 51. அதே தூரம் கீழே, கெண்டைக்காலில் 34. அட்டவணைப்படி லார்ஜ். 45 வரைக்கும் என்று தைத்ததை 51 உள்ள தொடையில் மாட்டியிருக்கிறார். அது கீழே ஓடாமல் என்ன செய்யும்?

லார்ஜ் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தொடை 51, கெண்டைக்கால் 34. மலையில் ஏறி இறங்குகிற மெலிந்த கால், தொடையில் மட்டும் சதை. லார்ஜ் உறையை மாட்டிப் பார்த்தபோது மேலே கச்சிதம், கீழ் விளிம்பில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. கீழே பிடிப்பு இல்லாவிட்டால் அதுவும் நழுவும், கொஞ்சம் மெதுவாக. ஆகவே உறை மாதிரி மாட்டும் வகை வேண்டாம் என்று சொல்லி, முன்பக்கம் திறந்து, மேலே கீழே தனித்தனிப் பட்டிகளோடு சுற்றிக் கட்டும் வகையில் லார்ஜ் கொடுத்தோம். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அளவு இரண்டு வேறு சைஸில் விழுந்தால் இந்த வகைதான் சரிப்படும்.

அப்புறம் கட்டும் வரிசை. எல்லோரும் மேல் பட்டியிலிருந்து தொடங்குவார்கள். கீழ்ப் பட்டியைத்தான் முதலில் கட்ட வேண்டும். முட்டிக்குக் கீழே கெண்டைக்கால் சதை புடைக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறிய ஒடுக்கம் இருக்கிறது. பட்டி அங்கே உட்கார்ந்தால் கீழே இருக்கும் சதைப் புடைப்பே அதைத் தாங்கும், இறங்க விடாது. மேல் பட்டி பிரேஸைத் தொடையோடு சேர்த்து வைக்க மட்டும்தான். அதில் ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும். அக்காவுக்கு இதை இரண்டு முறை கட்டிக் காட்டி, அவரையே கட்டச் சொல்லி, கடைப் படியில் ஏறி இறங்கச் சொன்னோம். ஒரு வாரம் கழித்து மகன் போனில் சொன்னார், கூடையை இறக்கி வைக்க வேண்டியிருக்கவில்லை என்று.

வீட்டில் அளவெடுக்கிறவர்களுக்கு

தையல் டேப் போதும். ஆனால் பழைய துணி டேப் நீண்டிருக்கும். இரும்பு ஸ்கேலோடு வைத்து 30 சென்டிமீட்டர் ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை பாருங்கள். டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். 15 என்று எழுதியிருப்பது எது என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். 15 இஞ்ச் என்பது 38 சென்டிமீட்டர்.

நின்றபடி, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு, தொடையை இறுக்காமல் அளக்க வேண்டும். நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து அளந்தால் முட்டியில் ஓரிரு சென்டிமீட்டர் கூடும். நாற்காலி விளிம்பில் தொடைச் சதை நசுங்கி அங்கேயும் அளவு மாறும். முட்டியை லேசாக மடித்து அளக்கச் சொல்லும் பெட்டிகளும் உண்டு. அப்போது பெட்டி சொல்வதைச் செய்யுங்கள். ஏனென்றால் அந்த அட்டவணை அப்படி அளந்துதான் போடப்பட்டது.

காலைத் தளர்த்தி வைத்தால் முட்டிச் சில்லு இங்கும் அங்கும் அசையும். அதன் மேல் விளிம்பைக் கட்டை விரலாலும் கீழ் விளிம்பை ஆள்காட்டி விரலாலும் தொட்டு, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து மேலே 15, கீழே 15 அளந்து இன்னும் இரண்டு புள்ளி. பிறகுதான் சுற்றளவு. கண் மதிப்பில் "இங்கேதான் இருக்கும்" என்று டேப்பைச் சுற்றுவதில்தான் சைஸ் தவறுகிறது. சில்லின் உயரமே 4, 5 சென்டிமீட்டர் இருக்கும். நடுவிலிருந்து அளப்பதற்குப் பதில் மேல் விளிம்பிலிருந்து அளந்தால் டேப் 2 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். அந்த அக்காவின் தொடையில் 15 சென்டிமீட்டர் தூரத்தில் சுற்றளவு 11.5 கூடுகிறது. 2 சென்டிமீட்டர் தள்ளினால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். அளவு இரண்டு சைஸின் எல்லையில் இருப்பவருக்கு அதுவே சைஸை மாற்றிவிடும்.

எல்லாப் பெட்டியும் 15 என்று கேட்காது. சிலது முட்டி நடுவில் மட்டும் கேட்கும், சிலது 10 சென்டிமீட்டர் மேலே என்று கேட்கும், சிலது மேலும் கீழும் வெவ்வேறு தூரம் கேட்கும். அதனால் "எனக்கு எப்போதும் லார்ஜ்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு கம்பெனியின் லார்ஜ் இன்னொரு கம்பெனியில் மீடியமாக இருக்கலாம். முட்டி நடு, மேலே 15, கீழே 15 என்ற மூன்று எண்ணையும், எந்தக் கால் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு தூரம் கேட்கும் பெட்டியானால் அந்த இடத்தில் மறுபடி டேப் வைத்தாக வேண்டும்.

சேலை மேலோ பேன்ட் மேலோ அளக்கக் கூடாது. வெளியாள் அளப்பது கூச்சமாக இருந்தால், வீட்டிலேயே புள்ளி வைத்து, நீளாத நூலால் ஒவ்வொரு இடத்தையும் சுற்றி, வெட்டி, எந்த இடம் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். நூலை டேப்பில் வைத்து அளந்துகொள்வோம். சணல் வேண்டாம், கம்பளி நூல் வேண்டவே வேண்டாம், அது இழுபடும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. எடுத்த பிறகு தோலில் டேப்பின் தடம் தெரிந்தால் இறுக்கி அளந்திருக்கிறீர்கள்.

காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் இறுக்குகிறது

வாதம் உள்ள முட்டியில், நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு, வீக்கம் சாயங்காலம் கூடும். காலை எழுந்தவுடன் ஒரு முறை, வேலை முடிந்து வந்தவுடன் ஒரு முறை முட்டி நடுவில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே சைஸுக்குள் விழுந்தால் பிரச்சினை இல்லை. தாண்டினால் உறை வகை வேண்டாம், பட்டி தளர்த்தக்கூடிய திறந்த வகை எடுங்கள். அடிபட்டுப் புதிதாக வீங்கிய முட்டியில் எடுத்த அளவு வீக்கம் வடிந்ததும் பொய்யாகிவிடும். பத்து நாளில் மறுபடி அளக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

முட்டிக்குப் பின்னால் மடிந்து கடிக்கிறது

இது பெரும்பாலும் பெரிய சைஸ். தளர்ந்த துணி முட்டி மடங்கும்போது பின்பக்கம் சேர்ந்து கசங்கி, மடிப்பில் தோலை உராயும். 37 சென்டிமீட்டர் முட்டிக்காரருக்கு "காற்றோட்டமாக இருக்கட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாகக் கொடுத்தால் இதுதான் நடக்கும். அளவு சரியாக இருந்தும் மடிந்தால் நீளத்தைப் பாருங்கள். குட்டையான காலுக்கு நீளமான பிரேஸ் பொருந்தாது. உட்கார்ந்தால் மேல் விளிம்பு தொடை இடுக்கை நோக்கித் தள்ளப்பட்டு, மொத்தமும் சுருங்கி இறங்கும். இதற்குச் சுற்றளவு எவ்வளவு அளந்தாலும் விடை கிடைக்காது, குட்டை மாடல்தான் வழி.

பாதம் மரத்துப் போகிறது

இதில் பொறுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை. உடனே கழற்றுங்கள்.

முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகத் தொட்டால் ஒரு சிறு எலும்பு முனை தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கீழ்ப் பட்டி அதன் மேல் அழுந்தினால் காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேல்பக்கமும் மரத்துப் போகும், எறும்பு ஊர்வது போல இருக்கும். நீண்ட நேரம் அழுத்தினால் பாதத்தை மேலே தூக்கவே முடியாமல் போகலாம். பட்டியை அந்த எலும்பு முனைக்கும் நரம்பு ஓடும் இடத்துக்கும் கீழே இறக்கிக் கட்டுங்கள், ஒரு விரல் நுழையும்படி தளர்த்துங்கள். இறக்கினால் பட்டி கெண்டைச் சதையின் மேல் ஏறிக்கொள்கிறது என்றால் அந்த மாடல் உங்கள் காலுக்கு இல்லை. கழற்றிய பிறகும் மரப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அது சைஸ் பிரச்சினை அல்ல. இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு மரப்பே தெரியாது. அவர்களுக்கு வேறு வழி: முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, பட்டி இருந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். லேசான சிவப்புக் கோடு 20, 30 நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டாலும், தோல் பள்ளமாக இருந்தாலும், அந்த அளவு வேண்டாம். போட்டிருக்கும்போது கால் கட்டை விரல் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இதை வீட்டில் இன்னொருவர் பார்ப்பது நல்லது.

வட்ட ஓட்டை சில்லின் மேல் நிற்கவில்லை

சில்லுக்கான ஓட்டை மேலே தள்ளியிருந்தால் சில்லின் கீழ்ப் பாதி அழுந்தி வலி கூடும். மாட்டும்போது ஓட்டையைச் சில்லின் நடுவில் வைத்து, நான்கு முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். நின்றபோது சரியாக இருந்து, எழுந்ததும் இறங்கியிருந்தால் மறுபடி தொடை அளவுக்குத்தான் திரும்ப வேண்டும். பக்கவாட்டில் இரும்புக் கீல் உள்ள பிரேஸில் கீலின் நடுப்பகுதி சில்லின் நடுவுக்கு நேராக, காலின் பக்கவாட்டு நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்தால் மடக்கும்போதெல்லாம் பிரேஸ் இழுபடும். தசைநார் கிழிந்தவர்களுக்கு, ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்கும் கீல் பிரேஸைக் கடையில் சைஸ் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. எத்தனை டிகிரி மடங்கலாம் என்பதை டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ வைத்துத் தர வேண்டும்.

மணிக்கட்டுப் பட்டை: இரவில் விரல் மரப்பு குறையவில்லை

சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்கள் இதற்கு நிறைய வருவார்கள். நாள் முழுக்க மணிக்கட்டை மடித்து இடுக்கி பிடிக்கிற கை. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து எழுப்பிவிடுகிறது என்பார்கள். டாக்டர் இரவுக்கு ஸ்பிளின்ட், அதாவது உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை, எழுதிக் கொடுத்திருப்பார்.

இங்கே அளவெடுக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் அதையும் தவறவிடுகிறார்கள். சுண்டு விரல் பக்கம் மணிக்கட்டில் ஓர் எலும்பு மேடு துருத்தி நிற்கும். டேப்பை அதன் மேல் ஏற்றினால் அளவு கூடி வரும். மேட்டுக்கும் கைக்கும் இடையில், கையை மடக்கினால் மடிப்புக் கோடு விழும் இடத்தில் சுற்ற வேண்டும். 16.5 சென்டிமீட்டர் மணிக்கட்டை மேட்டின் மேல் அளந்து 17.5 என்று எழுதினால், அட்டவணையில் சைஸ் தாண்டிவிடும். பட்டை தளர்ந்து இரவில் சுழலும். உள்ளங்கையில் இருக்க வேண்டிய தகடு ஓரத்துக்குப் போய்விடும். படத்தில் விரல் முட்டிகளைச் சுற்றி அம்புக்குறி இருந்தால் உள்ளங்கை அகலத்தையும் கேட்கிறார்கள் என்று அர்த்தம், அதையும் அளக்க வேண்டும்.

சைஸ் சரிதானா என்று பார்க்க எளிதான சோதனை உண்டு. போட்டுக்கொண்டு விரல்களை முழுதாக மூடுங்கள். விரல் நுனி உள்ளங்கையைத் தொடாமல் தடுத்தால் பட்டையின் முன் விளிம்பு, விரலடிக்குக் கீழே உள்ளங்கையில் குறுக்கே ஓடும் ரேகையைத் தாண்டிவிட்டது. அது நீளம் அதிகம். கட்டை விரல் அடியில் வெட்டினால் வலது, இடது மாற்றிப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவு சரி, ரேகையும் சரி, ஆனாலும் மரப்பு குறையவில்லை என்றால் தகட்டைப் பாருங்கள். பல ஸ்பிளின்ட்களில் உள்ளங்கைப் பக்கத் தகடு கையை மேல்நோக்கி 20 டிகிரி அளவுக்கு நிமிர்த்தும்படி வளைந்து வருகிறது. இந்த மரப்புக்கு மணிக்கட்டு நேராக இருப்பதுதான் நல்லது. அப்போதுதான் நரம்பு போகும் குறுகிய வழியில் அழுத்தம் குறைவாக இருக்கும். டாக்டர் வேறு கோணம் சொல்லியிருக்காவிட்டால், பையிலிருந்து தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்துக் கையாலேயே மெல்ல நேராக்கலாம். பெரும்பாலும் அலுமினியம்தான். திரும்பச் செருகி, முன்னங்கையை மேசையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்: முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

பட்டிகளை இறுக்க வேண்டாம். இரவில் போடுவது கையை மடங்காமல் வைக்கத்தான், அழுத்தத்துக்கு அல்ல. இறுக்கிக் கட்டினால் பட்டையே நரம்பை அழுத்தி, போடாத இரவைவிட அதிகமாக மரக்கும். கொலுசு வேலைக்காரர் ஒருவர் அப்படித்தான் "போட்டா இன்னும் ஜாஸ்தியாகுது" என்று திருப்பித் தர வந்தார். சைஸ் சரியாகவே இருந்தது. நடுப்பட்டியை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி, தகட்டை நேராக்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் அதைத் திருப்பித் தர வரவில்லை.